16 செ.மீ. மணிக்கட்டுக்கு 18 செ.மீ. பிரேஸ்லெட் ஏன் எட்டவில்லை?

கேள்வி: மகளின் 21ஆவது பிறந்த நாளுக்காக இணையக் கடையில் இரண்டு பிரேஸ்லெட் வாங்கினேன். இரண்டுமே 18 செ.மீ. நீளம். அவள் மணிக்கட்டு 16 செ.மீ. மெல்லிய தங்கச் சங்கிலி அழகாக விழுகிறது. மணி கோத்ததற்கோ கொக்கியே எட்டவில்லை. கடைக்காரர் அளவில் ஏமாற்றிவிட்டாரா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அநேகமாக ஏமாற்றவில்லை. மேசைமேல் நீட்டி வைத்து அளந்து பாருங்கள், 18 செ.மீ. சரியாகவே இருக்கும். ஆனால் கையைச் சுற்றி வளைந்ததும், மணியின் உள்பக்கம்தான் தோலைத் தொடுகிறது. அந்த உள்வட்டம் நீட்டி அளந்த நீளத்தைவிடச் சிறியது. எவ்வளவு சிறியது என்றால், பருமனைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம்.

உங்கள் மெல்லிய சங்கிலி 1.5 மி.மீ. பருமன் என்று வைத்துக்கொள்வோம். அது இழப்பது அரை செ.மீ. கூட இல்லை. உள்ளே ஏறத்தாழ 17.5 செ.மீ. கிடைக்கிறது, மணிக்கட்டுக்குமேல் ஒன்றரை செ.மீ. மிச்சம். அதனால்தான் அழகாக விழுகிறது. மணிகள் 8 மி.மீ. என்றால் இரண்டரை செ.மீ. போய்விடும். மிஞ்சுவது 15.5 செ.மீ. 16 செ.மீ. கையில் அது எப்படி எட்டும்? அவளுக்கு 19.5 செ.மீ. கேட்டிருக்க வேண்டும். கையின் 16, தளர்வுக்கு 1, மணி விழுங்குவது 2.5. தளர்வாக அணிபவள் என்றால் 20 கேளுங்கள்.

தட்டையான பட்டைச் சங்கிலியில் பலர் தடுமாறுகிறார்கள். அகலம் 7 மி.மீ. என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதையே மூன்றால் பெருக்கிவிடுகிறார்கள். கணக்கில் வருவது தோலிலிருந்து மேலே எழும் உயரம்தான், அது 2 மி.மீ. இருந்தாலே அதிகம். ஆனாலும் அகலச் சங்கிலியின் ஓரம் கையில் பதியும் என்பதால் அரை செ.மீ. கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

தளர்வு எவ்வளவு என்பது ருசியைப் பொறுத்தது. மணிக்கட்டோடு ஒட்டி நிற்க 1 செ.மீ., மென்மையாகத் தொங்க ஒன்றரை முதல் 2 செ.மீ. வரை. அதற்குமேல் போனால் கனமான அலங்காரம் உள்ளங்கைப் பக்கம் சுழன்று போய், கொக்கி மேலே வந்து நிற்கும். வளையல் போடுவது போலக் கட்டைவிரலை மடக்கிக் கையைக் குவித்து, பூட்டிய பிரேஸ்லெட்டை இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அது ஒருநாள் தொலையும். தங்கத்தில் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

அளவெடுக்க நூலைவிடக் காகித நாடா மேல், நூல் இறுகிவிடும். மணிக்கட்டு எலும்பின் மீதே, அவள் அணியப் போகும் கையில், மாலையில் அளவெடுங்கள். டர்பனின் ஜனவரி வெக்கையில் கை சற்று வீங்கும். ஜூலையில் எடுத்த அளவை நம்பி வாங்கியவர்கள் கோடையில் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். வாங்கும்போது “கொக்கியோடு சேர்த்து எத்தனை செ.மீ.?” என்று கேளுங்கள். சிலர் சங்கிலியை மட்டும் சொல்வார்கள்.

இனி திருப்பித் தருவது. இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆனால் உங்கள் அளவுக்கென்றே செய்யச் சொன்ன பொருளுக்கு இந்த உரிமை இல்லை. ஆகவே 19.5 என்று தனியாகச் செய்யச் சொல்வதற்குமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள். இல்லையேல், 2 செ.மீ. நீட்டிப்புச் சங்கிலி பின்னால் தொங்கும் வகையைத் தேடுங்கள். கோடைக்கு ஒரு வளையம், குளிருக்கு ஒரு வளையம் என்று மாற்றிக்கொள்ளலாம்.

தங்கச் சங்கிலி வாங்குவோருக்கு இன்னொன்று. இரு அளவுகளுக்கு நடுவே தயக்கம் வந்தால் பெரியதையே எடுங்கள். கண்ணிகளைக் கழற்றிச் சிறிதாக்குவது தட்டாருக்குச் சில நிமிட வேலை, கழற்றியதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். நீட்டுவதற்கோ அதே வார்ப்பில், அதே காரட்டில் கண்ணி வேண்டும். இங்கே கடைகளில் பெரிதும் கிடைப்பது 375 முத்திரையிட்ட 9 காரட். பாட்டி வீட்டு 22 காரட் சங்கிலியிலிருந்து ஒரு கண்ணி எடுத்து ஒட்டினால், அந்த மஞ்சள் தனியாகப் பல்லிளிக்கும்.