படுக்கையறைக்கு எட்டாத வைஃபை: வாசகர் கேள்வி-பதில்

100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். படுக்கையறையில் 12தான் வருகிறது. கேட்டால் "லைன் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். ரவுட்டர் ஹாலில், டிவி அலமாரிக்குள் இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? – திருச்சி

அலமாரிக்குள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இருந்தாலும் நிறுவனத்தை அதற்குள் நல்லவர்களாக்கிவிட வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் இணைப்பிலிருந்து துண்டித்துவிட்டு, ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் செருகி வேகத்தைப் பாருங்கள். 90ஐ ஒட்டி வந்தால் லைனில் குறையில்லை. 30 வந்தால் அந்தத் திரையைப் படமெடுத்துப் புகாரோடு அனுப்புங்கள். "வைஃபையில் பார்த்திருப்பீர்கள் சார்" என்று தட்டிக்கழிக்க முடியாது.

லைன் சரி என்றால் போனோடு நடந்து பாருங்கள். ரவுட்டர் பக்கத்தில் 85, அறை வாசலில் 40, கட்டிலில் 12 என்று இறங்கினால் குற்றவாளி சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் வலு குறைவு. 2.4 அதற்கு நேர்மாறு. செங்கல் சுவரைவிடக் கம்பி கட்டிய கான்கிரீட் மோசம். இடையில் இரும்பு பீரோவோ ஆளுயரக் கண்ணாடியோ இருந்தால் இன்னும் மோசம்; கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான்.

ரவுட்டரை வெளியே எடுத்து, தலை உயரத்தில், படுக்கையறை வாசல் தெரிகிற இடத்தில் வையுங்கள். ஆண்டெனா குச்சிகள் நிமிர்ந்து நிற்கட்டும். அலை குச்சியின் பக்கவாட்டில்தான் பரவும், நுனி நோக்கிப் போவது மிகக் குறைவு. ஃபைபர் கம்பியை மட்டும் நீங்களே இழுக்காதீர்கள். கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்து இணைப்பே போகும். அதை மாற்ற இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

படுக்கையறையில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது. 300 திட்டத்துக்கு மாறினால் தீருமா? – ஈரோடு

தீராது. சுவருக்கு உங்கள் ரசீது தெரியாது.

200 எம்பிபிஎஸ் திட்டம் என்று சொல்லித்தான் கடையில் கேட்டேன். பெட்டியில் "1200" என்று போட்ட ரவுட்டரைக் கொடுத்தார்கள். ரவுட்டர் அருகிலேயே 94க்கு மேல் ஏறவில்லை. – மதுரை

உங்கள்மேல் தவறில்லை. இந்தப் பெட்டி எண்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். 2.4 அலைவரிசையில் ஏட்டளவில் 300, 5 அலைவரிசையில் ஏட்டளவில் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கினால் 1200. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பேசும். அந்த ஏட்டு வேகமும் யாருக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. இதைவிடப் பெரிய வேலை பின்பக்கத்தில் நடக்கிறது. இணையக் கேபிள் செருகும் துளை 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால், தரவோடு கூடவே போகும் கட்டுப்பாட்டுத் தகவல்கள் பிடிக்கும் இடம் போக 94 அளவில் நின்றுவிடும். முன்பக்கம் 1200 என்று கொட்டை எழுத்து. 10/100 என்பது பெட்டியின் அடியில் பொடி எழுத்து. எத்தனை பேர் பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போகிறார்கள்?

துளைகள் எல்லாம் கிகாபிட் என்று எழுதியிருக்கும் ரவுட்டராக மாற்றித் தரச் சொல்லுங்கள். திட்டத்தைச் சொல்லித்தான் கேட்டீர்கள் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறோம். ஐந்து போன், இரண்டு டிவி, நான்கு கேமரா. பகலில் பறக்கிறது, இரவு எட்டு மணிக்குத் தவழ்கிறது. ரவுட்டர் பழுதா? – சென்னை

பழுதில்லை, நெரிசல். ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். சிக்னல் பலவீனமான கருவி மெதுவாகப் பேசுவதால், அதே அளவு தரவுக்கு அதிக நேரம் பிடித்துக்கொள்கிறது. கேட்டருகே தொங்கும் கேமரா ஓயாமல் படம் அனுப்பினால், பக்கத்திலிருக்கும் போனும் அதற்காகக் காத்துக் கிடக்கும். இரவில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே சேனலில் வந்து சேரும்.

நகராமல் நிற்கிற டிவிகளை லேன் கேபிளுக்கு மாற்றுங்கள். முடிந்தால் கேமராவையும். போன்களை `_5G` என்று முடியும் பெயரில் இணையுங்கள். இதற்கும் சிம் கார்டின் 5ஜிக்கும் சம்பந்தமில்லை. 2.4ஐ ரவுட்டர் அமைப்பில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்த ஒன்றில் வையுங்கள், அகலம் 20 MHz. இடையிலுள்ள எண்ணைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் சேரும்.

சிக்னல் வராத அறையில் ரிப்பீட்டர் வாங்கி மாட்டினேன். ஐந்து புள்ளியும் தெரிகிறது, வேகம் மட்டும் இல்லை. – சேலம்

என் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று தூங்குகிறது. புள்ளிகள் உங்களுக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள நெருக்கத்தைத்தான் காட்டுகின்றன. அதற்கே சிக்னல் கிடைக்காத இடத்தில் அது எதை எடுத்துத் தரும்? ரவுட்டருக்கும் அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். அப்போதும் ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்புகிற மாடல் என்றால் வேகம் பாதியாகும். கேபிள் இழுக்க வழியிருந்தால், அறையில் இரண்டாவது ரவுட்டரை, கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்கிற ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வையுங்கள். பழைய ரவுட்டரே போதும்.