அங்கே வாங்கிய பிரெட் மாவுக்கு இங்கே எது ஈடு?

கேள்வி: அமெரிக்காவில் ‘பிரெட் ஃப்ளவர்’ என்று ஒரு மாவு வாங்கி வாராவாரம் வீட்டில் பிரெட் சுட்டுக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பிய பிறகு சாதா மைதாவில் அதே அளவுகளில் செய்தால் மாவு தளர்ந்து, பிரெட் தட்டையாகிவிடுகிறது. எந்த பிராண்டு வாங்கலாம்?

பதில்: பிராண்டைத் தேடாதீர்கள், புரதத்தைத் தேடுங்கள். பிரெட் மாவில் பெரும்பாலும் 12 முதல் 13 சதவீதம் புரதம் இருக்கும். சாதா மைதா பல இடங்களில் 10-ஐ ஒட்டித்தான். வாயுவைப் பிடித்து வைக்கும் குளூட்டன் அந்தப் புரதத்திலிருந்துதான் உருவாகிறது, அதனால்தான் உங்கள் பிரெட் உட்காருகிறது. இங்குள்ள பாக்கெட்டுகளைத் திருப்பி, 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பாருங்கள். 12 இருந்தால் அதுவே போதும்.

கேள்வி: பழைய பாக்கெட் என்னிடம் இருக்கிறது. 30 கிராமுக்கு 4 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 13.3 சதவீதம். இங்கே அந்த அளவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே?

பதில்: கணக்கு சரி, ஆனால் அந்த 4 முழுமையாக்கிய எண். அமெரிக்க லேபிளில் புரதத்தை முழு கிராமாகவே போடுவார்கள். உள்ளே 3.5 இருந்தாலும் 4, 4.4 இருந்தாலும் 4. அதாவது உண்மை அளவு 11.7-லிருந்து 15 வரை எதுவாகவும் இருக்கலாம். 13.3-ஐத் துரத்தாமல் 12.5-ஐ இலக்காக வையுங்கள். மாவு நிறுவனங்கள் சில, சதவீதத்தைத் தனியாகவே சொல்கின்றன. கிடைத்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி: இதற்கு ஏன் இவ்வளவு அலைய வேண்டும்? முழு கோதுமை மாவு பாக்கெட்டிலேயே 12, 13 புரதம் இருக்கிறதே. அதைப் போட்டால் ஆயிற்று.

பதில்: எண் சரிதான். ஆனால் அதில் ஒரு பகுதி தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கும் புரதம், அது குளூட்டன் ஆகாது. போதாததற்குத் தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் இழைகளை அறுத்துவிடும். ருசியான பிரெட் வரும், ஆனால் கேட்டவர் தேடும் உயரமும் மென்மையும் வராது.

கேள்வி: 12 உள்ள மாவே எங்கள் பக்கம் இல்லை. 10 சதவீத மைதாதான். வேறு வழி?

பதில்: கோதுமை குளூட்டன் பொடியைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம். அதில் சுமார் 75 சதவீதம் புரதம். 500 கிராம் கலவை 12.5-க்கு வர, 481 கிராம் மைதாவும் 19 கிராம் பொடியும். மைதா தரும் புரதம் 48, பொடி தருவது 14, மொத்தம் 62. அது 500-இல் ஏறக்குறைய 12.5 சதவீதம்.

தண்ணீர் ஊற்றும் முன்பே பொடியை உலர்ந்த மாவில் நன்றாகக் கலந்துவிடுங்கள். ஈரத்தில் தூவினால் ரப்பர் துணுக்குகளாகத் திரண்டுவிடும், பிறகு எவ்வளவு பிசைந்தாலும் கரையாது. பொடி தண்ணீரை இழுக்கும் என்பதால் 25 மில்லி கூடுதலாக வைத்துக்கொண்டு, பதம் பார்த்துச் சேருங்கள். ‘கொஞ்சம் அதிகம் போட்டால் இன்னும் உப்பும்’ என்று கையைத் தாராளமாக்க வேண்டாம். உருட்டி நீட்டிய மாவு திரும்பத் திரும்பச் சுருங்கினால் பொடி கூடிவிட்டது என்று அர்த்தம். பிரெட்டும் சவ்வுபோல இழுக்கும்.

கேள்வி: பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணை எப்படி நம்புவது?

பதில்: கழுவிப் பாருங்கள். 100 கிராம் மாவை 60 மில்லி தண்ணீரில் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் மெதுவாகக் கசக்கிக் கழுவுங்கள். வெள்ளைப் பால் போன்ற தண்ணீரை மாற்றி மாற்றி, தெளியும்வரை. கையில் மிஞ்சும் மஞ்சள் கலந்த சவ்வைப் பிழிந்து எடை போடுங்கள். 25 கிராமை ஒட்டி நின்றால் சாதா மாவு, 32-ஐத் தாண்டினால் பிரெட்டுக்கு ஆகும். வீட்டுச் சோதனைதான், தோராயமே. எடையைவிட எனக்கு முக்கியம் அந்தச் சவ்வின் குணம். இழுத்தால் நீள வேண்டும். பிசுபிசுத்துக் கிழிந்தால், லேபிள் என்ன சொன்னாலும் அந்த மாவு வேண்டாம்.

கேள்வி: நான் லண்டனில் இருந்தவள். கேக்குக்கு செல்ஃப் ரெய்சிங் மாவு வாங்குவேன். அதிலும் இந்தக் குளூட்டன் பொடி போடணுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், கேக் இறுகிவிடும். 150 கிராம் மைதாவுக்கு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலித்தால் ஈடாகிவிடும். அமெரிக்கச் செய்முறையாக இருந்தால் அங்குள்ள மாவில் உப்பும் இருக்கும், அதைக் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: குளூட்டன் சேர்த்துச் செய்தேன், உயரம் வந்துவிட்டது. ஆனால் மேல்தோல் வெளுத்தே இருக்கிறது. அங்கே பொன்னிறமாக வரும்.

பதில்: பழைய பாக்கெட்டின் சேர்பொருள் பட்டியலில் மால்ட் செய்த பார்லி மாவு அல்லது என்சைம் என்று இருக்கிறதா பாருங்கள். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும், நிறம் அதிலிருந்து வரும். என்சைம் உயிரோடுள்ள மால்ட் பொடி கிடைத்தால் 500 கிராமுக்கு 2 கிராம் போதும். கூடினால் உள்பகுதி ஈரப் பசையாகிவிடும். மால்ட் பானப் பொடி அதற்கு மாற்று ஆகாது. ஒன்றும் கிடைக்காவிட்டால் 10 கிராம் சர்க்கரை போடுங்கள், நிறம் ஓரளவு வரும். பட்டியலில் அப்படி எதுவும் இல்லையென்றால் சந்தேகம் உங்கள் அடுப்பின் சூட்டின் மேல்தான். எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள்?