வெங்காயத் தோல் சாயம் எத்தனை துவைப்புக்குத் தாங்கும்?

"வீட்டு விசேஷம் முடிந்து மிஞ்சிய சின்ன வெங்காயத் தோலையும் பீட்ரூட் தோலையும் தனித்தனியாகக் கொதிக்கவைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சாயம் ஏற்றினேன். நிறம் நிற்க உப்பும் வினிகரும் சேர்த்தேன். பீட்ரூட் நிறம் முதல் அலசலிலேயே போய்விட்டது. வெங்காயத் தோல் நிறம் நாலைந்து துவைப்பில் பாதியாகிவிட்டது. காரைக்குடிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்குக் கைத்துண்டுகளாக விற்க ஆசை. எவ்வளவு நிறம் போகும் என்று விற்பதற்கு முன் வீட்டிலேயே சோதிக்க முடியுமா? 'சாயம் போகாது' என்று எழுதி விற்கலாமா?"
– தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி

பீட்ரூட்டை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அதன் சிவப்பு தண்ணீரில் கரைவது, சூட்டில் சிதைவது, பருத்தியோடு எந்த ஒட்டும் இல்லாதது. அது துணியில் படிந்த கறைதான், சாயம் அல்ல. எத்தனை முறை முயன்றாலும் இதே கதைதான்.

வெங்காயத் தோல் அப்படியல்ல. அதிலுள்ள மஞ்சள் பொருளான குவர்செடினுக்குப் படிகாரத்தைப் பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. உங்கள் துணியில் அது பற்றிக்கொள்ளப் படிகாரமே இல்லை. உப்பு, ஆலைகளில் ரசாயனச் சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்குப் போடுவது. வினிகர், கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்றும் சில சாயங்களுக்கு உதவுவது. வெங்காயத் தோலைப் பருத்தியில் நிறுத்த இரண்டாலும் முடியாது.

இன்னொரு சிக்கல், பருத்தி படிகாரத்தையும் நேராகப் பிடித்துக்கொள்ளாது. அதற்குத்தான் கடுக்காய். கடுக்காயின் துவர்ப்பு பருத்தியைப் பிடிக்கும், படிகாரம் துவர்ப்பைப் பிடிக்கும், சாயம் படிகாரத்தைப் பிடிக்கும். சோழமண்டலக் கரையில் கலம்காரி தீட்டியவர்கள் துணியை முதலில் கடுக்காயில் நனைத்தது இதற்காகத்தான். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் துவைக்கத் துவைக்க நிறம் இறங்கும்.

200 கிராம் துணிக்கு அளவு சொல்கிறேன். துணி உலர்ந்திருக்கும்போது எடை போடுங்கள், மற்ற எல்லாம் அந்த எடையை வைத்துத்தான். புதுத் துணியில் கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அலசிக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்துப்போல் உருண்டு நின்றால் மெழுகு போகவில்லை, மறுபடி கொதிக்கவிட வேண்டும். பெரும்பாலோர் அவசரப்பட்டுத் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான்.

அடுத்து, 40 கிராம் கடுக்காய்த் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து, துணியை அதில் ஓர் இரவு ஊறவையுங்கள். பிழிந்து, அலசாமல் நிழலில் காயப்போடுங்கள். மறுநாள் 40 கிராம் படிகாரத்தைச் சுடுதண்ணீரில் கரையுங்கள். 5 கிராம் சலவைச் சோடாவை வேறு பாத்திரத்தில் கரைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகார நீரில் விடுங்கள். நுரைத்துப் பொங்கும், எனவே பெரிய பாத்திரமாக இருக்கட்டும். படிகாரத்தின் புளிப்பைச் சோடா குறைப்பதால் அது நூலில் நன்றாகப் படியும். பொங்கல் அடங்கியதும் துணி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து ஓர் இரவு ஊறவைத்து, லேசாக ஒரு முறை அலசுங்கள்.

சாயத்துக்கு 200 கிராம் காய்ந்த தோல் வேண்டும். தோலுக்கு எடையே இருக்காது, ஒரு பெரிய பை நிறையச் சேர்த்தால்தான் அவ்வளவு தேறும். விசேஷ வீட்டுச் சமையல்காரரிடம் முன்கூட்டியே ஒரு சாக்கைக் கொடுத்துவைப்பது நல்லது. ஈரத்தோடு கட்டிவைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். தோலை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, ஈரத் துணியை அதில் போட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல் சிறுதீயில் ஒரு மணி நேரம் வையுங்கள். அப்படியே ஆறவிட்டு மறுநாள் எடுத்து, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். வீட்டுப் பித்தளை அண்டா வேண்டாம், உலோகம் நிறத்தை மாற்றிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் பாத்திரம் கிடைத்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் பூச்சு பெயர்ந்திருக்கக் கூடாது. பெயர்ந்த இடத்தில் தெரியும் இரும்பு கடுக்காயோடு சேர்ந்தால் துணியில் கரும்புள்ளி விழும். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். உப்பும் இரும்பும் உள்ள போர்த் தண்ணீரில் மஞ்சள் மங்கும்.

இனி சோதனை. விற்கப்போகும் துண்டை வெட்ட வேண்டாம். அதே பானையில், அதே துணியில் ஒரு முழம் கூடுதலாகச் சாயம் ஏற்றி, நிழலில் காயவைத்து ஒரு வாரம் விட்டுவையுங்கள். பிறகு அதிலிருந்து விரலளவு அகலத்தில் ஆறு பட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதே அளவு வெள்ளைப் பருத்தித் துணியைச் சேர்த்துத் தையுங்கள். சாயம் எவ்வளவு போகிறது என்பதைப் பட்டை சொல்லும், போன சாயம் பக்கத்துத் துணியைக் கறையாக்குகிறதா என்பதை வெள்ளைத் துணி சொல்லும். ஒரு பட்டையைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வையுங்கள், அதுதான் உங்கள் பூஜ்யம். இன்னொன்றில் பாதியை அட்டையால் மூடி மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். மீதி நான்கும் துவைக்க.

ஆய்வகத்தில், துவைப்பில் சாயம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் ISO 105-C10 முறையின் மென்மையான சோதனையில், துணி எடையைப் போல் 50 மடங்கு தண்ணீரில், லிட்டருக்கு 5 கிராம் சோப்புப் போட்டு, 40 டிகிரி சூட்டில் 30 நிமிடம் குலுக்குவார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவருவது சுலபம். பட்டைகள் 20 கிராம் என்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 5 கிராம் சாதாரண சோப்புச் சீவல், மூடியுள்ள ஒரு பெரிய டப்பா. அரை மணி நேரம் விட்டுவிட்டுக் குலுக்கி, இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தினால் ஒரு துவைப்பு. 1, 3, 5, 10-ஆம் துவைப்புகள் முடிந்ததும் ஒவ்வொரு பட்டையாக எடுத்துவிடுங்கள். பட்டைகள் குறையக் குறைய, தண்ணீரையும் சோப்பையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். வாங்குகிறவர் சோப்புச் சீவல் போடப்போவதில்லை என்பதால், கடைச் சலவைத்தூளில் இன்னொரு நான்கு பட்டைகளையும் துவைத்துப் பாருங்கள். துவைகல்லில் அடித்துப் பார்க்க ஒரு துண்டு தனியாக இருந்தாலும் நல்லது.

கடைசியில் எல்லாப் பட்டைகளையும் வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, முற்றத்தின் நிழல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணே போதும். எண்ணாக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே படத்தில் பிடித்து, நிறம் அளக்கும் செயலியில் வெளிர்மையைச் சொல்லும் L*, சிவப்பு-பச்சையைச் சொல்லும் a*, மஞ்சள்-நீலத்தைச் சொல்லும் b* மதிப்புகளை எடுங்கள். வெவ்வேறு நாளில் எடுத்த படங்களை ஒப்பிடாதீர்கள், கைப்பேசி வெளிச்சத்தைத் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பட்டைகளுக்கு இடையே உள்ள நிற வித்தியாசத்துக்கு இதுதான் கணக்கு:

```
ΔE = √(ΔL² + Δa² + Δb²)
```

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பூஜ்யப் பட்டை 60, 14, 44 என்றும், முதல் துவைப்புக்குப் பின் 64, 12, 39 என்றும் இருந்தால் வித்தியாசம் 6.7. கண்ணுக்கு நன்றாகவே தெரியும் இறக்கம். ஐந்தாம் துவைப்புப் பட்டை 66, 11, 37 என்றால், முதல் துவைப்புப் பட்டைக்கும் அதற்கும் இடையே 3 மட்டும்தான். பத்தாவது 67, 11, 36 என்றால், ஐந்துக்கும் பத்துக்கும் இடையே வெறும் 1.4. மொத்த இழப்பு 11. அந்த மொத்தத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். பார்க்க வேண்டியது, இழப்பு எந்தத் துவைப்பில் நடந்தது என்பதை.

இந்த உதாரணத்தில் பாதிக்கு மேல் முதல் துவைப்பிலேயே போயிருக்கிறது, பிறகு நிறம் நிலைத்துவிட்டது. போனது நூலைப் பிடிக்காமல் மேலே ஒட்டியிருந்த சாயம். உங்கள் அலசல் போதவில்லை, அவ்வளவுதான். விற்பதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு நீங்களே ஒரு துவைப்பு துவைத்துவிட்டால், வாங்குகிறவர் காணும் நிறம் அநேகமாக நிற்கிற நிறமாக இருக்கும். இதற்கு மாறாக, ஒவ்வொரு துவைப்பிலும் ஒரே மாதிரி இறங்கிக்கொண்டே போனால் சங்கிலி அறுந்திருக்கிறது என்று பொருள். மெழுகு போகவில்லை, அல்லது கடுக்காயோ படிகாரமோ ஏறவில்லை. அப்போது இன்னும் நிறையத் தோலைக் கொதிக்கவைப்பதில் பயன் இல்லை, மெழுகு போகத் துணியைக் கொதிக்கவிடுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

சில சமயம் நிறம் குறையாமல் வேறு நிறமாகும். காரமான சலவைத்தூளில் மஞ்சள் பழுப்பாகத் திரும்பலாம். சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் பட்டையை நனைத்துப் பாருங்கள். பழைய நிறம் திரும்பி வந்தால் அது இழப்பு அல்ல, நிறம் புரண்டிருக்கிறது. வினிகருக்கு இங்கேதான் வேலை.

இரண்டு வாரம் கழித்து வெயிலில் வைத்த பட்டையின் அட்டையை எடுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் இடையே தெரிகிற கோடு, துவைத்த பட்டைகளின் இழப்பைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்புண்டு. வெங்காயத் தோல் சாயத்துக்கு வெயில்தான் சோப்பைவிடப் பெரிய எதிரி. அதனால் கைத்துண்டு சரி, திரைச்சீலை வேண்டாம். உங்கள் துணிகளும் நம் ஊர் மொட்டை மாடிக் கொடியில் உலர்ந்து நாலைந்து துவைப்பில் பாதியாகியிருந்தால், அதில் எவ்வளவு சோப்பு எடுத்தது, எவ்வளவு வெயில் எடுத்தது என்று இந்தப் பட்டை இல்லாமல் சொல்ல முடியாது.

'சாயம் போகாது' என்று எழுத வேண்டாம், அது பொய். பூஜ்யப் பட்டையையும் பத்தாம் துவைப்புப் பட்டையையும் ஓர் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் தைத்துக் கடை மேசையில் வையுங்கள். துண்டோடு கொடுக்கும் சீட்டில், "தனியாகத் துவைக்கவும், ஊறவைக்க வேண்டாம், நிழலில் உலர்த்தவும்" என்று எழுதினால் போதும். ஒவ்வொரு பானைக்கும் புது அட்டை வேண்டும். அடுத்த விசேஷத்துத் தோல் இந்தத் தோலைப்போல் நிறம் தராது.