நேற்று வந்த அங்கிள்

"என் மகனுக்குப் பத்து வயது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் 'எந்த அங்கிள் நேத்து வந்தாரோ, அந்த அங்கிள் போன் பண்ணாரு' என்கிறான். புரிகிறது, ஆனால் தமிழ் மாதிரி இல்லை. எப்படித் திருத்துவது?"
— ஒரு அம்மா, மயூர் விஹார்

பையன் இந்தி வாக்கியத்துக்குத் தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பேசுகிறான். 'ஜோ அங்கிள் கல் ஆயே தே' என்று இந்தியில் ஆளை முதலில் சொல்லி, விவரத்தைப் பின்னால் சொல்வார்கள். தமிழில் விவரம் முழுவதும் முன்னால் வரும், ஆள் கடைசியில் வருவார். இதற்கு இலக்கணம் வைத்த பெயர் பெயரெச்சம். பெயரை இப்போதைக்கு அவனுக்குச் சொல்ல வேண்டாம், செய்ய வைத்தால் போதும்.

முதலில் 'அங்கிள் நேற்று வந்தார்' என்ற முழு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். 'வந்தார்' என்பதில் 'ஆர்' போய் 'வந்த' ஆகட்டும். அங்கிளைத் தூக்கி அதன் பின்னால் வைத்தால் 'நேற்று வந்த அங்கிள்'. அப்புறம் மிச்சத்தைச் சேர்க்கலாம்: 'நேற்று வந்த அங்கிள் போன் பண்ணினார்.' ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ, 'வந்த' மாறாது. வந்த பையன், வந்த அக்கா, வந்த விருந்தாளிகள். இந்தியில் வினைக்கும் ஆண், பெண் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது நிம்மதி.

வருகிறார் என்பது 'வருகிற' ஆகும், பேச்சில் 'வர்ற'. எதிர்காலத்தில் மட்டும் தடுக்கும். 'வருவார்' என்பதில் 'ஆர்' எடுத்து 'நாளைக்கு வருவ அங்கிள்' என்று சொல்லிப் பார்ப்பான். அங்கே 'வரும்' என்று வேறு வடிவம் வேண்டும்: 'நாளைக்கு வரும் அங்கிள்'. பேச்சில் 'நாளைக்கு வர்ற அங்கிள்' என்றே சொல்கிறோம், அதுவும் சரிதான்.

நான் அதிகக் கவனம் கேட்பது இனி வரும் இடத்துக்கு. 'திட்டிய பையன்' என்று மட்டும் சொன்னால், பையன் திட்டினானா, திட்டு வாங்கினானா? 'திட்டிய' என்ற சொல் அதைச் சொல்லாது, முன்னால் நிற்கும் ஆளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'டீச்சர் திட்டிய பையன்' என்றால் திட்டியவர் டீச்சர். 'டீச்சரைத் திட்டிய பையன்' என்றால் திட்டியவன் பையன், வீட்டுக்குப் புகார் வரும். 'நான் பார்த்த அக்கா', 'என்னைப் பார்த்த அக்கா' என்பதும் இப்படித்தான். ஒரு 'ஐ' விட்டுப்போனால் ஆள் மாறிவிடும். உங்கள் மகன் அதை விழுங்கினால், 'யார் யாரைத் திட்டினாங்க?' என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவனுக்கே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கொடுத்த, வாங்கிய எல்லாம் இப்படியே வரும்: 'நான் புத்தகம் கொடுத்த பையன்', 'அப்பா கடன் வாங்கிய மாமா'. ஆனால் 'யாரோடு' என்ற உறவு இதில் ஏறாது. 'நான் அந்தப் பையனோடு மெட்ரோவில் போனேன்' என்பதை 'நான் மெட்ரோவில் போன பையன்' என்று மாற்றினால், கேட்பவர் விழிப்பார். 'ஓடு' போனதும் பையனுக்கும் பயணத்துக்கும் உள்ள தொடர்பும் போய்விடுகிறது. அப்போது வாக்கியத்தைப் பையன் பக்கமிருந்து திருப்ப வேண்டும்: 'என்னோடு மெட்ரோவில் வந்த பையன்'.

இதையெல்லாம் சொல்லும்போது, 'எந்த... ஓ... அந்த' என்பதே தப்பு என்று அவனை மிரட்டிவிடாதீர்கள். அது தமிழிலும் உண்டு. 'யார் முதலில் சாப்பிட்டு முடிக்கிறாங்களோ அவங்களுக்கு லட்டு' என்று நாமே சொல்கிறோம். அங்கே ஆள் யாரென்று இன்னும் முடிவாகவில்லை, அதனால் அது பொருந்துகிறது. நேற்று வந்த அங்கிள் யாரென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஒருவரைச் சுட்ட அந்த அமைப்பைப் போடும்போதுதான் உங்கள் காதில் இடறுகிறது. 'ஆள் தெரியுமா, தெரியாதா?' என்ற ஒரு கேள்வியை வைத்தே அவன் இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம்.

'நேற்று' எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். 'நேற்று வந்த அங்கிள் போன் பண்ணினார்' என்றால் வந்ததுதான் நேற்று, போன் இன்றைக்குக்கூட வந்திருக்கலாம். போன் வந்தது நேற்று என்றால் 'வந்த அங்கிள் நேற்று போன் பண்ணினார்' என்று சொல்ல வேண்டும்.

எழுதத் தொடங்கும்போது ஒன்று: 'வந்தப் பையன்' என்று ஒற்று போட வேண்டாம். 'வந்த பையன்', 'வராத பையன்' இரண்டிலும் ஒற்று மிகாது.