நாணயம் யாருக்கும் கடன்படவில்லை

அன்புள்ள ஐயா,

நேற்று நானும் தம்பியும் நாணயம் சுண்டிக்கொண்டிருந்தோம். தொடர்ந்து எட்டு முறை தலை விழுந்தது. ஒன்பதாவது பூதான் என்று அடித்துச் சொன்னேன். மறுபடியும் தலை! தொடர்ந்து ஒன்பது தலை விழ 512-ல் ஒரு வாய்ப்புதானே? "நாணயத்துக்கு நினைவு கிடையாது" என்கிறான் தம்பி. நினைவில்லாத நாணயம் கடைசியில் பாதிக்குப் பாதி என்று எப்படி வந்து சேர்கிறது? பழைய பாக்கியை ஈடுகட்டாமல் அது எப்படி முடியும்?

கே.

அன்புள்ள கே.,

512-ல் ஒன்று என்ற கணக்கு சரி. ஆனால் முதல் சுண்டலுக்கு முன்னால் கேட்கும் கேள்விக்குத்தான் அது விடை. நீங்கள் பந்தயம் கட்டியபோது எட்டுத் தலைகள் விழுந்து முடிந்திருந்தன. அரிதான பகுதி ஏற்கெனவே நடந்துவிட்டது. எட்டுத் தலைக்குப் பின் ஒரு தலை என்ற வரிசைக்கு 512-ல் ஒரு வாய்ப்பு. எட்டுத் தலைக்குப் பின் ஒரு பூ என்ற வரிசைக்கும் அதே 512-ல் ஒன்றுதான். இரண்டும் சமம் என்றால் ஒன்பதாவது சுண்டலில் யாருக்கும் சாதகம் இல்லை. நீங்கள் முதல் வரிசையின் வாய்ப்பை மட்டும் கணக்கிட்டுவிட்டு, இரண்டாவதைக் கணக்கிடாமல் விட்டுவிட்டீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றே தொடர்ந்து விழுந்தால் அடுத்தது மற்றதுதான் என்று நம்புவதைச் சூதாடியின் பிழை என்று சொல்கிறார்களே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. ஈடுகட்டாமல் எப்படிச் சமன் ஆகும்? ஈடு எதுவும் கட்டப்படுவதில்லை. பாக்கி அப்படியே கிடக்கிறது, அதைச் சுற்றி எண்ணிக்கை பெருகுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் எட்டுத் தலைகளையே எடுத்துக்கொள்வோம். இப்போது தலை 100 சதவீதம். இன்னும் 100 முறை சுண்டுகிறீர்கள், அதில் மிகச் சாதாரணமாக 50 தலை, 50 பூ விழுகின்றன என்று வையுங்கள். மொத்தம் 58 தலை, 50 பூ. தலையின் பங்கு 53.7 சதவீதமாக இறங்கிவிட்டது. 100-க்குப் பதில் 10,000 முறை சுண்டி அதிலும் சரிபாதி விழுந்தால் தலை 5,008, பூ 5,000. பங்கு 50.04 சதவீதம். அந்த எட்டு எங்கே போனது? எங்கும் போகவில்லை, கூடுதலாக விழுந்த எட்டும் அப்படியே இருக்கிறது. குடத்தில் கரைத்த ஒரு பிடி உப்பைக் குளத்தில் ஊற்றினால் உப்பு குறையாது, கரிப்பு மட்டும் தெரியாமல் போகும். அந்த மாதிரிதான் இது.

இன்னொன்றும் உண்டு, முதலில் கேட்கும்போது பலர் இதை நம்புவதில்லை. சுண்டச் சுண்ட, தலைக்கும் பூவுக்கும் உள்ள எண்ணிக்கை வித்தியாசம் குறைவதற்குப் பதிலாகப் பொதுவாகக் கூடத்தான் செய்யும். 100 முறை சுண்டினால் வித்தியாசம் 10 அளவில் இருப்பது சகஜம். 10,000 முறையில் 100 அளவில், 10 லட்சம் முறையில் 1,000 அளவில். சுண்டல்கள் நூறு மடங்கானால் வித்தியாசம் பத்து மடங்காகிறது. அதனால் எண்ணிக்கை விலக விலக, சதவீதம் பாதியை நெருங்குகிறது. சுண்டச் சுண்டப் பங்கு பாதியை நெருங்கும் என்று சொல்லும் பெரும் எண்களின் விதி உறுதி சொல்வது சதவீதத்துக்கு மட்டும். அதை எண்ணிக்கைக்கும் சேர்த்துப் படிப்பவர்தான் அடுத்தது பூ என்று காத்திருக்கிறார்.

இத்தாலியில் ஒரு தேசமே இப்படிக் காத்திருந்தது. அங்கே லோட்டோ குலுக்கலில் ஒவ்வொரு நகரத்துக்கும் 90 எண்கள், அதில் ஒவ்வொரு முறையும் 5 எண்களை எடுப்பார்கள். ஆக, குறிப்பிட்ட ஓர் எண் வர 18-ல் ஒரு வாய்ப்பு. 2003-ல் வெனிஸ் குலுக்கலில் 53 என்ற எண் வருவது நின்றது. மாதக்கணக்கில் வராமல் போகவே, இனி வந்தே தீரும் என்று மக்கள் அதன்மேல் பணத்தைக் கொட்டினார்கள். ஒவ்வொரு முறை தோற்றபோதும் நம்பிக்கை குறையவில்லை, கூடியது. பந்தயத் தொகை 300 கோடி யூரோவைத் தாண்டியது. சேமிப்பைத் தொலைத்தவர்களும், தாங்க முடியாமல் உயிரை விட்டவர்களும் உண்டு. 2005 பிப்ரவரி 9 அன்று 53 வந்தது. அதற்கு முந்தைய குலுக்கலிலும் வாய்ப்பு 18-ல் ஒன்று, அன்றும் 18-ல் ஒன்று. பந்துகள் அத்தனையையும் ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுத்தான் குலுக்குகிறார்கள்.

இவ்வளவு நீண்ட இடைவெளி அதிசயம் இல்லையா என்று கேட்பீர்கள். 53-ஐ மட்டும் முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால் அதிசயம்தான். ஆனால் அப்போது பத்து நகரங்கள், ஆளுக்கு 90 எண்கள், மொத்தம் 900 எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பத்தாண்டுகளில் அவற்றில் ஏதோ ஒன்று இப்படிக் காணாமல் போவது எதிர்பார்க்கக் கூடியதுதான். அந்த ஒன்று எது என்று பின்னால்தான் தெரியும். இத்தாலியர்கள் இத்தகைய எண்களைத் தாமதமான எண்கள் என்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்லே ஆபத்தானதாகத் தெரிகிறது. தாமதம் என்றாலே வருவதாக ஒப்புக்கொண்ட ஒரு நேரம் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. நீங்கள் எழுதிய பாக்கி என்ற சொல்லும் அப்படித்தான்.

சரி, கடந்தது எங்குமே பொருட்டில்லையா? அப்படியும் இல்லை. சீட்டுக்கட்டில் 26 சிவப்பு, 26 கறுப்பு. பத்துச் சிவப்புச் சீட்டுகளை எடுத்துத் தனியே வைத்துவிட்டால் மீதி 42-ல் 26 கறுப்பு. அடுத்தது கறுப்பாக இருக்கும் வாய்ப்பு சுமார் 62 சதவீதம். இங்கே கறுப்பை எதிர்பார்ப்பது நியாயம், ஏனென்றால் எடுத்த சீட்டுகள் கட்டில் இல்லை. நடந்ததன் தடம் கட்டிலேயே பதிந்திருக்கிறது. நாணயத்தில் அந்தத் தடம் எங்கே இருக்க முடியும் என்று தேடிப் பாருங்கள். உலோகத்தில் இல்லை, காற்றில் இல்லை, விரலிலும் இல்லை.

நாணயமே கோணலாக இருந்தால்? அந்தச் சந்தேகமும் உங்களைப் பூவின் பக்கம் கொண்டுபோகாது. ஆயிரம் நாணயங்களில் ஒன்றில் இரு பக்கமும் தலை என்று வையுங்கள். அவற்றில் கண்ணை மூடி ஒன்றை எடுத்துச் சுண்டி எட்டும் தலையாக விழுந்தால், கையில் இருப்பது அந்தக் கள்ள நாணயமாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 20 சதவீதம். அப்போது ஒன்பதாவதும் தலையாக விழ 60 சதவீதம் வாய்ப்பு. எட்டுத் தலைகளைப் பார்த்தபின் நேர்மையான நாணயத்தில் பந்தயம் சமம், சந்தேகத்துக்குரிய நாணயத்தில் சாதகம் தலைக்கு.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். தம்பியை எழுதச் சொல்லி 400 முறை சுண்டுங்கள். முந்தைய மூன்றும் தலையாக இருக்கும்போதெல்லாம், அடுத்து என்ன விழுந்தது என்று தனியே குறியுங்கள். சுமார் 50 இடங்கள் கிடைக்கும். அவற்றில் பூ 25-ஐ ஒட்டி இருக்கும், 18-க்கும் 32-க்கும் நடுவில் எது வந்தாலும் வியப்பில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. சுண்டும்போதே குறித்துக்கொண்டு வாருங்கள். எல்லாம் முடிந்தபின் பட்டியலைப் பார்த்து, மூன்று தலையோடு நின்ற இடங்களை மட்டும் பொறுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அடுத்து பூதான் இருக்கும். பூ விழுந்ததால்தான் அந்த வரிசை மூன்றோடு நின்றது. நான்கு, ஐந்து என்று நீண்ட வரிசைகளை நீங்களே விலக்கியிருப்பீர்கள்.