அம்மாவின் கணக்கில் பணம் ஏறவில்லை

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். ஊர் கருமாத்தூர் பக்கம். வீட்டுக்குத் தளம் போட எக்ஸ்சேஞ்ச் மூலமாக 3,000 திர்ஹம் அனுப்பினேன், நாலு நாள் கழித்து ‘கணக்கு செயல்பாட்டில் இல்லை’ என்று திரும்பிவிட்டது. அம்மா பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, போன மாதம்கூட வட்டி ஏறியிருக்கிறதே என்கிறார். 2023 பொங்கலுக்குப் பிறகு அதில் பணம் எடுக்கவில்லை, உரிமைத்தொகை எல்லாம் கூட்டுறவு வங்கிக் கணக்கில்தான் வருகிறது. ஊரில் கிடக்கும் என் பழைய கணக்குக்கு அனுப்பலாமா?

பதில்: தம்பி, முதலில் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். திரும்பி வந்த பணத்தை ரத்து செய்து கையில் கொடுத்துவிட வேண்டாம், கணக்கு எண்ணை மட்டும் திருத்தி மறுபடி அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஏனென்றால் ரத்து என்றால் பல இடங்களில் ரூபாயை அன்றைய விலைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் திர்ஹம் தருவார்கள். ஒரு பேச்சுக்கு, நீங்கள் அனுப்பிய அன்று ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 69,000 ரூபாய் போயிருக்கும். திருப்பித் தரும்போது 23.40 என்று கணக்குப் போட்டால் உங்கள் கைக்கு 2,948 திர்ஹம் சொச்சம்தான் வரும். அனுப்பும் கட்டணமும் பெரும்பாலும் போனது போனதுதான். வெயிலில் நின்று சம்பாதித்த ஐம்பது திர்ஹத்தை இப்படி விடக்கூடாது. திருத்தி அனுப்பும்போது பெயர் மாறாமல் கணக்கு மட்டும் மாறினால் அவர்களுக்கும் வேலை சுலபம்.

உங்கள் கடிதத்திலேயே வழி இருக்கிறது. அம்மா பெயரில் கூட்டுறவு வங்கிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறதே, அதற்குத் திருப்பிவிடுங்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா, ஐஎஃப்எஸ்சி எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் வங்கியில் விசாரிக்கச் சொல்லுங்கள். அது முழு ஆவணம் கொடுத்துத் தொடங்கிய கணக்கா, இல்லை ஆவணம் சரியாக இல்லாதவர்களுக்குத் தொடங்கித் தரும் சிறு கணக்கா? சிறு கணக்கில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, முழு ஆவணம் கொடுக்கும்வரை வெளிநாட்டுப் பணமும் அதில் ஏறாது. அதைக் கேட்காமல் அனுப்பினால் இரண்டாவது தடவையும் திரும்பும்.

சரி, வட்டி ஏறுகிற கணக்கு எப்படிச் செயல்படாத கணக்கு ஆகும்? அம்மா கேட்பது நியாயமான கேள்வி. நான் கிளையில் கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் இதே கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். வட்டி வங்கி தானாகப் போடுவது, கட்டணம் வங்கி தானாகப் பிடிப்பது, அவற்றை வாடிக்கையாளர் செய்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கணக்கு வைத்திருப்பவர் தாமாக எதுவும் செய்யாமல் இரண்டு வருடம் தாண்டினால் அது செயல்படாத கணக்கு. அம்மா கடைசியாக 2023 பொங்கலுக்கு எடுத்தார் என்றால் 2025 பொங்கலோடு அந்த இரண்டு வருடம் முடிந்துவிட்டது. உரிமைத்தொகையோ நூறு நாள் சம்பளமோ இந்தக் கணக்கில் விழுந்திருந்தால்கூட அது உயிரோடு இருந்திருக்கும், ஆனால் எல்லாம் அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. பாஸ்புக் போடும் இயந்திரத்தில் வரி அடித்துக்கொண்டு வருவதையும் நம்ப வேண்டாம், அது ரகசிய எண் எதுவும் கேட்பதில்லை. அந்த இரண்டு வருடத்துக்குள் ஏடிஎம்மில் ரகசிய எண் போட்டு இருப்பு பார்த்திருந்தாலே போதும், அது வாடிக்கையாளர் செய்த காரியமாகப் பதிவாகியிருக்கும்.

ரிசர்வ் வங்கியின் விதி இப்படிப்பட்ட கணக்கிலிருந்து பணம் வெளியே போவதைத்தான் தடுக்கிறது, யாரோ ஒருவர் கிழவியின் கணக்கைத் துடைத்துவிடக்கூடாது என்பதற்காக. உள்ளே வரும் பணத்தைச் சில வங்கிகள் ஏற்றுக்கொள்ளும், சில வங்கிகளின் கம்ப்யூட்டர் திருப்பிவிடும். திரும்பி வந்தது ஒருவகையில் நல்லதுதான் என்று சொல்வேன். திருமங்கலம் பக்கத்து அம்மா ஒருவருக்கு மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணம் இப்படி ஒரு கணக்கில் ஏறிவிட்டது, எடுக்கப் போனால் முடியவில்லை. மகள் பிரசவத்துக்கு வைத்திருந்த பணம் அது, ஒரு வாரம் அலைந்தார்.

கணக்கை உயிர்ப்பிக்கும் வேலையை அம்மாதான் செய்ய வேண்டும். ஷார்ஜாவிலிருந்து நீங்கள் போன் செய்து நடக்காது. ஆனால் கணக்கு தொடங்கிய கிளைக்கே போகவேண்டும் என்பதில்லை, அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் செய்யலாம். 2024 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. 2025 ஜூனுக்குப் பிறகு ஊரில் வங்கிக்காகச் சின்ன இயந்திரம் வைத்துப் பணம் கொடுப்பவர்கள் மூலமாகவும் செய்ய வங்கிகளுக்கு அனுமதி உண்டு, உங்கள் ஊரில் இருப்பவர் செய்து தருகிறாரா என்று விசாரியுங்கள். பாஸ்புக், ஆதார், பான் அட்டை, போட்டோ, ஆதாரில் பதிந்த எண் உள்ள போன், இவ்வளவும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பான் இல்லையென்றால் அதற்குப் பதிலான படிவத்தை வங்கியே தரும். எல்லாம் சரியாகக் கொடுத்தால் மூன்று வேலை நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது, கணக்கு தூங்கிய நாட்களில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கவும் கூடாது. கேட்டால் கொடுக்க வேண்டாம், மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் நீங்களே ஷார்ஜாவிலிருந்து அம்மா சார்பாகப் புகாரைப் பதிய உதவலாம்.

‘ஆக்டிவ் ஆயிருச்சும்மா’ என்று கவுன்டரில் சொன்னதும் பெரிய தொகையை அனுப்பிவிடாதீர்கள். மதுரையில் இருக்கும் உறவுக்காரப் பையன் யாரிடமாவது சொல்லி, அந்தக் கணக்கு எண்ணுக்குப் போனிலிருந்து ஒரே ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். அது ஏறினால் உள்ளே வரும் வழி திறந்துவிட்டது. அதற்கப்புறம் அம்மா தன் கையால் 100 ரூபாய் எடுத்துப் பார்க்க வேண்டும், வெளியே போகும் வழியும் திறந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். இரண்டும் நடந்தால் தாராளமாக அனுப்புங்கள்.

உங்கள் பழைய கணக்குக்கு இந்தப் பணத்தை அனுப்பவே வேண்டாம். நீங்கள் ஊரைவிட்டுப் போனதிலிருந்து அதைத் தொடவில்லை என்றால் அதுவும் இதே நிலையில்தான் இருக்கும். அது மட்டுமில்லை, வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் உள்ளூர் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக்கூடாது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அடுத்த லீவுக்கு வரும்போது பாஸ்போர்ட்டையும் விசாவையும் எடுத்துக்கொண்டு போய் மாற்றிவிடுங்கள்.

கொத்தனாருக்கு அட்வான்ஸ் அவசரமாக வேண்டுமென்றால், அடையாள அட்டை காட்டி ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் முறையில் அம்மா பெயருக்கு அனுப்பலாம். கையில் ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் தருவார்கள். மிச்சத்தைக் கூட்டுறவு வங்கிக் கணக்குக்கு விடுங்கள்.