அரிசியா, காஸ்மெடிக்ஸா?

சார், குடியாத்தத்தில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறேன். அரிசி வருஷத்துக்கு 48 லட்சம் விற்கிறது, லாபம் 8 சதவீதம். காஸ்மெடிக்ஸ் 12 லட்சம், லாபம் 28 சதவீதம். மார்ச் 31 ஸ்டாக்கை வைத்து, லாபத்தை ஸ்டாக்கால் வகுக்கும் ஜி.எம்.ஆர்.ஓ.ஐ. போட்டால் அரிசி 1.28, காஸ்மெடிக்ஸ் 1.20. பெரிய வித்தியாசம் இல்லையே, அரிசியின் 16 அடி ரேக்கில் கொஞ்சம் எடுத்து காஸ்மெடிக்ஸின் 10 அடியோடு சேர்க்கலாமா? மாதக் கடைசி ஸ்டாக் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

வகுக்கும் எண்ணில்தான் கோளாறு. மார்ச்சில் புது அரிசி இறக்கி வைத்திருந்தீர்கள், அன்றைக்கு 3 லட்சம் இருந்தது. அது வருஷம் முழுக்க இருந்த ஸ்டாக் அல்ல. ஆரம்ப ஸ்டாக்கையும் 12 மாதக் கடைசி ஸ்டாக்கையும் கூட்டி 13-ஆல் வகுங்கள். உங்கள் பட்டியலில் கூட்டுத்தொகை 20.8 லட்சம், சராசரி 1.6 லட்சம். லாபம் 3.84 லட்சம். ஆக, அரிசியில் முடங்கும் ஒவ்வொரு ரூபாயும் வருஷத்தில் 2.40 ரூபாய் லாபம் கொடுக்கிறது. காஸ்மெடிக்ஸ் ஸ்டாக் எல்லா மாதமும் 2.8 லட்சத்தை ஒட்டியே நிற்பதால் அதன் 1.20 மாறவில்லை. (ஸ்டாக்கைக் கொள்முதல் விலையில், ஜி.எஸ்.டி. இல்லாமல்தான் எடுக்க வேண்டும். பில்லிங் சாஃப்ட்வேர் எம்.ஆர்.பி.யில் மதிப்புப் போட்டுக் கொடுத்தால் காஸ்மெடிக்ஸ் இன்னும் மோசமாகத் தெரியும்.)

அதற்காக காஸ்மெடிக்ஸைக் குறைக்கவும் அவசரப்படாதீர்கள். இந்தக் கணக்குக்குப் பணம் தெரியும், இடம் தெரியாது. ரேக்கில் அடிக்கு எவ்வளவு லாபம் என்று பார்த்தால் அரிசி 24,000 ரூபாய், காஸ்மெடிக்ஸ் 33,600. இரண்டும் எதிரெதிராகச் சொல்கின்றன. இப்படி வந்தால் அந்தப் பிரிவுக்குள் எது தூங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் காஸ்மெடிக்ஸில் 90 நாளாக ஒரு பீஸ்கூட நகராத ஐட்டங்கள் 1.1 லட்சத்துக்கு இருக்கின்றன. பெரும்பாலும் லிப்ஸ்டிக் ஷேடுகள், பெரிய பாட்டில் லோஷன். அவற்றால் வருஷத்தில் கிடைத்த லாபம் 26,000தான். அவற்றைக் கழித்துவிட்டால் 1.7 லட்சம் ஸ்டாக்கில் 3.10 லட்சம் லாபம், அதாவது 1.82. டிஸ்ட்ரிபியூட்டர் திரும்ப எடுத்தால் நல்லது. தள்ளுபடியில் தள்ளினால் அந்த நஷ்டத்தை இந்த வருஷ லாபத்தில் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும்.

நகராத ஐட்டங்களை எடுத்ததும் காலியாகும் மூன்று அடியை அரிசிக்குக் கொடுக்காதீர்கள். 2.40 என்பது இப்போதுள்ள அரிசியின் சராசரி, அடுத்த அடியும் அதையே தரும் என்று அர்த்தமில்லை. ரேக் பெரிதாயிற்று என்று யாரும் ஒரு சிப்பம் கூடுதலாக வாங்கமாட்டார்கள். ஆரணி மில்லிலிருந்து வாரம் ஒரு லோடு வந்தாலே போதும். கண்ணில் பட்டால் கை போகும் பிஸ்கட், மிக்சர் பக்கம் அந்த மூன்று அடியைக் கொடுத்து எட்டு வாரம் பாருங்கள். தீபாவளி வாரம் அதற்குள் விழாமல் ஆரம்பியுங்கள். கூடிய லாபத்தைக் கூடிய ஸ்டாக்கால் வகுத்து, எட்டு வாரக் கணக்கை 6.5-ஆல் பெருக்கினால் வருஷக் கணக்கு வரும். அது 1.82-ஐத் தாண்டவில்லை என்றால் அந்த மூன்று அடியை ஓடுகிற சோப்பு, ஷாம்புவுக்கே விடுங்கள்.